கண் விழிக்கும்போதே தலைவலி: குறட்டையும் மூச்சுத்தடையும் எப்போது காரணம்?

நான் வேலை பார்ப்பது ஒரு தூக்கப் பரிசோதனைக் கூடத்தில். இரவு ஒன்பது மணி வாக்கில் ஒருவருக்கு ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்துவிட்டு, விடியும்வரை அடுத்த அறையில் உட்கார்ந்து அவருடைய மூச்சையும் மூளை அலைகளையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் குறட்டைக்காகவோ பகல் தூக்கத்துக்காகவோ வருகிறவர்கள். தலைவலிக்காக வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் வெகு காலம் வேறெங்கெங்கோ சுற்றிவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஈரோட்டுப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவர் அப்படித்தான் வந்தார். வயது 48. மூன்று வருடமாகப் பெரும்பாலான நாட்களில் காலையில் தலைவலி. முதலில் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். பிறகு சைனஸ் என்று நினைத்து மூக்குக்குச் சொட்டு மருந்து போட்டார். அப்புறம் தலைக்கு ஸ்கேன் எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. பித்தம் என்று யாரோ சொல்ல, காபியை நிறுத்தினார். கடைசியில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுக்கும் டாக்டர், கூட வந்திருந்த அவர் மனைவியிடம், "இவர் தூங்கும்போது எப்படி இருப்பார்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விதான் அவர்களை எங்களிடம் கொண்டுவந்தது. எங்களிடம் வந்ததும் அந்த அம்மா சொன்னது இது: "குறட்டைகூடப் பழகிப்போச்சு தம்பி. நடுவில அது நின்னுபோயிடும் பாருங்க, அப்பத்தான் பயமா இருக்கு. தட்டி எழுப்பிடுவேன்."

குறட்டை நின்றுபோகும் அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பது புரிந்தால், காலைத் தலைவலியும் புரிந்துவிடும்.

நம் தொண்டையின் பின்பகுதியைச் சுற்றி எலும்போ குருத்தெலும்போ கிடையாது. மூக்குக்குள் எலும்பு இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் அந்தச் சில அங்குல வழியைத் திறந்து வைத்திருப்பது வெறும் தசைதான். விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக நின்று வழியைக் காக்கின்றன. தூங்கியதும் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, உள்நாக்கை ஒட்டிய மென்மையான அண்ணம் தொங்குகிறது. வழி குறுகி, அதன் ஊடாகக் காற்று போகும்போது அந்தத் திசுக்கள் அதிர்ந்து எழுப்பும் சத்தம்தான் குறட்டை. இன்னும் குறுகி, வழி முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தமே இருக்காது. காற்று போகவில்லை என்றால் சத்தம் எங்கிருந்து வரும்? மார்பும் வயிறும் மட்டும் மூச்சை இழுக்கப் போராடிக்கொண்டிருக்கும். பத்து விநாடிக்கு மேல் காற்று இப்படி நின்றால் அதை மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா என்று எண்ணுவோம். முழுதாக நிற்காமல், நன்றாகக் குறைந்து, அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதையும் சேர்த்து எண்ணுவோம்.

ஆக்சிஜன் இறங்கி, கரியமில வாயு ஏறியதும் மூளை உஷாராகிறது. சில விநாடிகள் தூக்கத்தைக் கலைத்து, தொண்டைத் தசைகளை இறுக்குகிறது. ஒரு பெரிய கர்ர் சத்தத்தோடு வழி திறக்கிறது. உடனே மறுபடி தூக்கம், மறுபடி தளர்ச்சி, மறுபடி அடைப்பு. ஓர் இரவில் இருநூறு முறை இப்படி நடந்தாலும், காலையில் கேட்டால் "நல்லாத்தான் தூங்கினேன்" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை. அவ்வளவு சிறிய விழிப்புகள் நினைவில் நிற்பதில்லை. அதனால்தான் பக்கத்தில் படுப்பவரின் சாட்சி இந்த நோயில் இவ்வளவு முக்கியமாக இருக்கிறது.

ஏன் காலையில் மட்டும்?

இரவு முழுக்க மூச்சு தடைப்படுகிறது என்றால், இரவு ஒரு மணிக்கே தலைவலியோடு விழிக்க வேண்டாமா? ஏன் விடியும்போது?

தூக்கம் இரவு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக உருளும் கனவுத் தூக்கம் வருகிறது. முன்னிரவில் அது சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க அரை மணி, முக்கால் மணி என்று நீளும். இந்தக் கனவுத் தூக்கத்தில்தான் உடலின் தசைகள் மிக அதிகமாகத் தளர்கின்றன. தொண்டைத் தசையும் அப்படியே. ஆகவே மூச்சுத்தடை உள்ளவருக்கு மிக நீண்ட அடைப்புகளும் மிக ஆழமான ஆக்சிஜன் இறக்கங்களும் பெரும்பாலும் அதிகாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள்தான் விழுகின்றன. எழுவதற்குச் சற்று முன்புதான் உடம்பு மிக மோசமான நேரத்தைக் கடந்திருக்கிறது.

கரியமில வாயு ஏறினால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். ஆக்சிஜன் இறங்கினாலும் அப்படித்தான். குழாய்கள் விரிந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. இதனால்தான் வலி என்பது பல காலமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் ஆக்சிஜன் மிக ஆழமாக இறங்குகிறவர்களுக்குத்தான் தலைவலி அதிகம் என்று ஆய்வுகள் சீராகக் காட்டவில்லை. எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கியும் தலைவலியே இல்லாதவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். லேசான தடையோடு தினமும் வலிப்பவர்களையும் பார்க்கிறேன். திரும்பத் திரும்பத் தூக்கம் கலைவதற்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். ஆகவே விரல் நுனியில் மாட்டும் கருவியில் ஓர் எண்ணைப் பார்த்து "இதுதான் உங்கள் தலைவலி" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அந்த வலியின் அடையாளம்

தலைவலிகளை வகைப்படுத்தும் சர்வதேச அளவுகோலில் மூச்சுத்தடைத் தலைவலிக்குத் தனி இடம் உண்டு. அதன் சித்திரம் ஏறக்குறைய இப்படி: விழிக்கும்போதே வலி இருக்கும். தலையின் இரண்டு பக்கமும் இருக்கும். துடிக்காது, இறுக்கிப் பிடித்தது போல, தலையில் பாரம் வைத்தது போல இருக்கும். குமட்டல் இருக்காது, வெளிச்சமோ சத்தமோ தொந்தரவு செய்யாது. நான்கு மணி நேரத்துக்குள், பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, தானாக விட்டுவிடும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வரும். எல்லாருக்கும் எல்லாம் பொருந்தியே ஆக வேண்டும் என்பதில்லை.

இதில் "தானாக விட்டுவிடும்" என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. ஜவுளிக் கடைக்காரர் காலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஒரு பாரசிட்டமால் போடுவார். ஆறரைக்கு வலி போய்விடும். மூன்று வருடமாக மாத்திரைதான் வலியைப் போக்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னோம். மாத்திரை இல்லாமலும் ஆறரை, ஆறேமுக்காலுக்கு வலி போய்விட்டது. எழுந்து நடந்து, நன்றாக மூச்சு விட்டதும் உடம்பே அதைச் சரிசெய்துகொள்கிறது. மாத்திரை சும்மா பெயர் வாங்கிக்கொண்டது.

அது பெயர் வாங்குவதோடு நின்றால் பரவாயில்லை. தலைவலி அடிக்கடி வருகிறவர்கள் மூன்று மாதத்துக்கு மேல், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாரசிட்டமால் போட்டால், அல்லது இரண்டு மூன்று மருந்து கலந்த வலி மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். அதுவும் பல சமயம் காலையில்தான் வரும், ஏனென்றால் இரவு முழுக்க மருந்து உடம்பில் குறைந்துகொண்டே வந்திருக்கும். இப்படி இரண்டும் பின்னிக்கொண்டால் எது எது என்று பிரிப்பது சிரமம். அதனால் டாக்டரிடம் போகும்போது என்ன மாத்திரை, மாதத்தில் எத்தனை நாள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

காலைத் தலைவலிக்கு வேறு சொந்தக்காரர்களும் உண்டு. ஒற்றைத் தலைவலி அதிகாலையில் தொடங்குவது சாதாரணம். ஆனால் அது நாள் முழுக்க நீடிக்கும், வேலை செய்தால் கூடும், குமட்டும், விளக்கைப் போட்டால் எரிச்சல் வரும். இரவில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு நெற்றிப்பொட்டும் தாடையும் வலிக்கும். வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் விண்ணென்று இருக்கும். முதல் நாள் குடித்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சரி, இவை எல்லாம் அவசரம் இல்லாதவை. அவசரமானவை வேறு: வலியோடு வாந்தி, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போதல் அல்லது பலவீனம், இருமினாலோ குனிந்தாலோ கூடும் வலி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தூக்கப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்காமல் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூடிய அறையில் படுத்த எல்லாருக்கும் சேர்ந்து காலையில் தலைவலி என்றால், அருகில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிந்ததா என்று உடனே பாருங்கள். அது கார்பன் மோனாக்சைடு நச்சாக இருக்கலாம். அறையைவிட்டு எல்லாரும் வெளியேறிவிட வேண்டும்.

பரிசோதனைக்கு வருமுன் வீட்டில் செய்ய வேண்டியது

நான் எல்லாரிடமும் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நான்கு குறிப்பு: எழுந்த நேரம், தலைவலி இருந்ததா, எத்தனை மணிக்கு விட்டது, மாத்திரை போட்டீர்களா. குடித்த நாளையும், மல்லாந்து படுத்தீர்களா ஒருக்களித்தா என்பதையும் முடிந்தால் எழுதலாம். இரண்டாவது, கைபேசியில் ஒரு வீடியோ. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். படுத்த அரை மணியில் குறட்டை கேட்டதும் எடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வெறும் சத்தம்தான் இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு மேல், மார்பும் முகமும் தெரியும்படி, தொடர்ந்து ஐந்து நிமிடம் எடுக்க வேண்டும். குறட்டை படிப்படியாக உயர்ந்து, சட்டென்று நின்று, வயிறு மட்டும் ஏறி இறங்கி, பிறகு திணறலோடு மூச்சு வருகிறதா என்று பார்க்கலாம். ஜவுளிக் கடைக்காரரின் மனைவி எடுத்து வந்த வீடியோவில் ஓர் இடைவெளி 38 விநாடி. அதைப் பார்த்தபோதுதான் அவர் முதல்முறையாக நம்பினார். அதுவரை "எல்லாரும்தான் குறட்டை விடறாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

குறட்டைச் சத்தத்தைப் பதியும் செயலிகளும் கைக்கடிகாரங்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை "போய்ப் பார்" என்று உங்களை உசுப்பினால் நல்லதுதான். அவை "ஒன்றுமில்லை" என்று சொல்வதை மட்டும் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாருக்குப் பரிசோதனை பயன்படும்?

காலைத் தலைவலி மட்டும் இருக்கிறது, குறட்டை இல்லை, பகலில் தூக்கம் இல்லை, இரத்த அழுத்தம் இல்லை என்றால் தூக்கப் பரிசோதனையில் ஏதாவது கிடைக்கும் வாய்ப்பு குறைவு. முதலில் மாத்திரைப் பழக்கத்தையும் ஒற்றைத் தலைவலியையும் பார்ப்பதே நல்லது. தலைவலியோடு வேறு சில சேரும்போதுதான் படம் மாறுகிறது.

டொராண்டோவில் உருவான ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கதவு மூடியிருந்தாலும் கேட்கும் அளவுக்குக் குறட்டையா, பகலில் களைப்போ தூக்கமோ உண்டா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, இரத்த அழுத்தம் உண்டா, பி.எம்.ஐ. 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. ஒவ்வொரு ஆமாவுக்கும் ஒரு புள்ளி. 3 வந்தால் யோசிக்க வேண்டும். 5 வந்தால் மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடைக்கு வாய்ப்பு அதிகம். ஜவுளிக் கடைக்காரருக்குப் போட்டுப் பார்ப்போம். குறட்டை ஒன்று. பகலில் கல்லாப்பெட்டியின் முன்னாலேயே கண் சொருகிவிடும், இரண்டு. மனைவி மூச்சு நிற்பதைப் பார்த்திருக்கிறார், மூன்று. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, நான்கு. கழுத்து 43 சென்டிமீட்டர், ஐந்து. ஆண், ஆறு. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 86 கிலோ, பி.எம்.ஐ. 30 சொச்சம்தான், அதற்குப் புள்ளி இல்லை. வயதுக்கும் இல்லை. ஆறு புள்ளி. இவரைச் சோதிக்கலாமா என்று விவாதிக்கவே வேண்டாம்.

இந்தப் பட்டியலில் எனக்கு இரண்டு மனக்குறை உண்டு. பி.எம்.ஐ. 35 என்ற கோடு நம்மவர்களுக்கு மிக உயரம். ஆசியர்களில் பலருக்கு இவ்வளவு எடை இல்லாமலே மூச்சுத்தடை வருகிறது. சற்று உள்வாங்கிய தாடை, நாக்குக்கு இடம் போதாத சிறிய வாய், பெரிய டான்சில் இவையே போதும். ஒல்லியாக இருக்கிறார் என்பதற்காக யாரையும் தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது குறை பெண்களைப் பற்றியது, இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. ஆண் என்பதற்கு ஒரு புள்ளி இருப்பதால் பெண்கள் ஒரு புள்ளி பின்னால்தான் தொடங்குகிறார்கள். பெண்களில் பலர் குறட்டை விடுவதாகச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். கணவர் அவர்களுக்கு முன்பே தூங்கிவிடுவதால் பார்த்துச் சொல்லவும் ஆள் இருப்பதில்லை. அவர்கள் சொல்வது "தூக்கமே வரல, உடம்பு அசதி, காலையில தலை பாரம்" என்பதுதான். அது தூக்க மாத்திரையிலோ மனச்சோர்வு மருந்திலோ போய் முடிகிறது. சில தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு மூச்சுத்தடை நன்றாகவே கூடுகிறது. ஐம்பதைத் தாண்டிய அம்மாவோ அக்காவோ அத்தையோ நெடுநாளாகவே காலைத் தலைவலியோடு எழுந்தால், ஓர் இரவு அவர்கள் பக்கத்தில் படுத்துக் கேட்டுப் பாருங்கள். தைராய்டு குறைவும் மூச்சுத்தடையை வளர்க்கும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும்.

புள்ளிகள் எதுவானாலும், வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால் தள்ளிப்போடாமல் வர வேண்டும். அதுவரை ஓட்டாமல் இருப்பதே நல்லது. இரண்டு மூன்று மருந்துக்கும் அடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அப்படியே.

வீட்டிலா, கூடத்திலா?

வீட்டுப் பரிசோதனையில் ஒரு சிறு கருவியை எடுத்துப்போய் உங்கள் கட்டிலிலேயே படுக்கலாம். மூக்கில் ஒரு குழாய், மார்பைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். செலவு குறைவு. ஜவுளிக் கடைக்காரரைப் போல அடையாளங்கள் பளிச்சென்று இருக்கும், வேறு பெரிய நோய் இல்லாத ஒருவருக்கு இதுவே போதும். ஆனால் இதற்கு மூளை அலை தெரியாது. நீங்கள் தூங்குகிறீர்களா, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று இந்தக் கருவியால் சொல்ல முடியாது. கருவி ஏழு மணி நேரம் ஓடி 70 தடைகளை எண்ணியது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 என்று அறிக்கை வரும், லேசானது. உண்மையில் நீங்கள் நான்கு மணி நேரம்தான் தூங்கியிருந்தால் மணிக்கு 17.5, மிதமானது. ஆக்சிஜன் இறங்காமல் தூக்கத்தை மட்டும் கலைக்கும் பாதி அடைப்புகளை இது எண்ணுவதே இல்லை. ஆகவே வீட்டுப் பரிசோதனையில் "உண்டு" என்று வந்தால் நம்பலாம். அறிகுறிகள் நிறைய இருந்தும் "இல்லை" என்று வந்தால், கூடத்தில் முழுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

இதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம், நரம்புத்தசை நோய் உள்ளவர்களும், வலுவான ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர்களும் நேராகக் கூடத்துக்கு வர வேண்டும். இன்னொரு கூட்டமும் உண்டு. நல்ல பருமனும் காலைத் தலைவலியும் சேர்ந்தவர்களில் சிலருக்கு, தடைகளுக்கு இடையிலும் இரவு முழுக்க மூச்சு ஆழமின்றி ஓடி, கரியமில வாயு தேங்கிவிடுகிறது. சாதாரண இரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் 27 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அவர்களுக்குக் கரியமில வாயுவையும் சேர்த்து அளக்கும் வசதியுள்ள இடம் தேவை.

கூடத்துக்கு வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்பதுதான். குளித்து, எண்ணெய் இல்லாத தலையோடு வந்தால்தான் மின்முனைகள் விடியும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். நகப்பூச்சு வேண்டாம், அது விரல் கிளிப்பைக் குழப்பும். அன்று பகலில் தூங்க வேண்டாம், மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். வழக்கமான மருந்துகளை டாக்டர் நிறுத்தச் சொன்னால் ஒழிய எடுத்துக்கொள்ளுங்கள். தலை, கண் ஓரம், தாடை, கால் எல்லாவற்றிலும் ஒயர். மூக்கில் காற்றழுத்தம் அளக்கும் குழாய். மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். காற்று நின்றிருக்கும்போது பட்டைகள் அசைந்தால் வழி அடைத்திருக்கிறது என்று பொருள். பட்டைகளும் சேர்ந்து நின்றால் மூச்சு விடச் சொல்லி மூளையிடமிருந்தே கட்டளை வரவில்லை என்று பொருள். அது வேறு நோய், வேறு சிகிச்சை. இத்தனையும் மாட்டிக்கொண்டு எப்படித் தூங்குவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். வீட்டில் தூங்குவது போல வராதுதான். ஆனாலும் நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் போதும்.

அவருடைய அறிக்கை

அன்று அவர் தூங்கியது சரியாக ஆறு மணி நேரம். முழு அடைப்பு 54, பாதி அடைப்பு 150, மொத்தம் 204. ஆறால் வகுத்தால் மணிக்கு 34. இந்த எண்ணைத்தான் ஏ.ஹெச்.ஐ. என்கிறோம். 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15க்குள் லேசானது, 15 முதல் 30க்குள் மிதமானது, 30க்கு மேல் கடுமையானது.

எல்லாரும் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடுகிறார்கள். தலைவலிக்காரர் பார்க்க வேண்டியது அடுத்த பக்கம். அவருடைய கனவுத் தூக்கம் மொத்தம் 60 நிமிடம். அந்த ஒரு மணியில் மட்டும் 58 தடைகள். மீதி ஐந்து மணி நேரத்தில் 146, அதாவது மணிக்கு 29. மிக நீண்ட அடைப்பு 52 விநாடி, ஆக்சிஜன் 76 சதவீதம்வரை இறங்கியது. இரண்டுமே காலை நாலே முக்காலுக்கும் ஐந்தே காலுக்கும் இடையில். ஐந்தரைக்கு நான் போய் எழுப்பியபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

குறட்டை பலமாக இருந்தும் ஏ.ஹெச்.ஐ. 3 என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தத் தலைவலியை மூச்சுத்தடையின் கணக்கில் எழுத முடியாது. ஒருக்களித்துப் படுப்பது, மூக்கடைப்பைச் சரிசெய்வது, எடை குறைப்பது, இரவில் மதுவைத் தவிர்ப்பது எல்லாம் குறட்டைக்கு உதவும். தலைவலிக்கு நரம்பியல் டாக்டரிடம் போவதே வழி. ஏ.ஹெச்.ஐ. 7 என்று வருகிறவர்களிடமும் கவனம் வேண்டும். மூச்சுத்தடையும் தலைவலியும் இரண்டுமே பரவலாக இருப்பவை. ஒரே ஆளிடம் இரண்டும் இருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. தடையைச் சரிசெய்தால் வலி குறைகிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

அவருக்கு சிபாப் கருவி கொடுக்கப்பட்டது. 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை இது. மூக்கில் மாட்டும் முகமூடி வழியாக மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து, தொண்டை வழியை உள்ளிருந்தே தாங்கிப் பிடிக்கும். அது ஆக்சிஜன் சிலிண்டர் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் வருவது அறைக் காற்றுதான். அவருக்குத் தேவைப்பட்டது 9 சென்டிமீட்டர் நீரழுத்தம். காலையில் போடும் பாரசிட்டமாலையும் அன்றோடு நிறுத்தினார்.

முன்பு மாதத்துக்கு 22, 23 நாள் தலைவலி. முதல் மாதம் முடிந்து வந்தபோது நோட்டில் 9 நாள் இருந்தது. குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லையே என்று அவருக்கு வருத்தம். கருவிக்குள் இருந்த அட்டையை எடுத்துக் கணினியில் போட்டுப் பார்த்தோம். எந்த இரவில் எத்தனை மணிவரை மாட்டியிருந்தார் என்று அதில் பதிவாகியிருக்கும். அவருடைய நோட்டைப் பக்கத்தில் வைத்தோம். அந்த 9 நாளில் 7 நாள், விடியற்காலை மூன்றரை, நாலு மணிக்கே முகமூடி கழன்றிருந்தது. காற்று கசிந்து கண்ணில் அடிக்க, தூக்கத்திலேயே அவர் அதைக் கழற்றி வைத்திருக்கிறார். அவருக்கே தெரியாது. ஐந்து மணி நேரம் ஒழுங்காக மாட்டிவிட்டு, மிக மோசமான கடைசி ஒன்றரை மணியை வெறுமனே விட்டிருக்கிறார்.

முகமூடி ஒரு அளவு பெரிதாக இருந்தது. சிறியதை மாற்றி, பட்டையை இறுக்காமல் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வைத்தோம். இறுக்கினால் அந்தப் பட்டையே நெற்றி வலியைக் கொடுக்கும். மனைவியிடம், நடுவில் கழன்றிருந்தால் எழுப்பி மாட்டச் சொல்லுங்கள் என்றேன். "அப்ப நான் மறுபடி முழிச்சிருக்கணுமா தம்பி?" என்று கேட்டார். முதல் இரண்டு வாரம் மட்டும் என்றேன். அடுத்த மாதம் நோட்டில் 2 நாள் இருந்தது; ஒன்று உறவினர் கல்யாணத்துக்காகக் கருவியை வீட்டில் விட்டுவிட்டு வெளியூரில் தங்கிய இரவின் மறுநாள்.